சுவர் வெடிப்பு வளர்கிறதா? மூன்று பித்தளை ஆணியும் ஒரு டிஜிட்டல் கலிப்பரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மாரி முடிந்ததும் ஒரு சிலர், கச்சான் காற்று அடித்து நிலம் காய்ந்ததும் இன்னும் பலர் என்று வெடிப்புப் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டி, "இது ஆபத்தா?" என்று கேட்கிறார்கள். படம் அதற்குப் பதில் சொல்லாது. நேற்று இருந்ததைவிட இன்று எவ்வளவு விரிந்திருக்கிறது, எந்தப் பக்கமாக நகர்ந்திருக்கிறது என்பதே பதில். வெடிப்பின் இரு பக்கமும் ஆணி பதித்து, அவற்றின் இடைத்தூரத்தைக் கலிப்பர் என்ற இடுக்கிமானியால் அவ்வப்போது பார்த்தால், அதை வீட்டிலேயே அளக்கலாம். படுவான்கரையில் என் அக்காவின் வீட்டில் ஓர் ஆண்டு அளந்து பார்த்த அனுபவத்தை வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன்.

ஐயா, எங்கள் சுவரில் வெடிப்பு இருக்கிறது. மாதக்கணக்கில் அளந்துகொண்டிருப்பதா, உடனே ஆளைக் கூப்பிடுவதா?

சில வெடிப்புகளுக்குக் கலிப்பர் தேவையில்லை. சுவர் வெளிப்பக்கமாக வயிறு தள்ளியிருந்தால், லிண்டல் தொங்கத் தொடங்கியிருந்தால், வெடிப்புக்குள் விரல் நுழையுமளவு இடைவெளி இருந்தால், நேற்றுவரை மூடிய கதவு இன்று மூட மறுத்தால், அந்த அறையை விட்டு வெளியேறி ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அளவு பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவற்றுக்குப் பிரித்தானியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் வகைப்பாடு உதவும். 1 மில்லிமீற்றருக்குள் இருப்பதைப் பெயின்ற் அடிக்கும்போது சரிசெய்யலாம். 5 மில்லிமீற்றர்வரை பூச்சால் நிரப்பலாம். 5 முதல் 15 வரை என்றால் மேசன் சுவரை உடைத்துக் கட்டவேண்டிய வேலை இருக்கலாம், கதவு யன்னல்களும் சிக்கலாம். 15ஐத் தாண்டினால் பெரிய திருத்தம். ஆனால் இது வெடிப்பின் இன்றைய அகலம் மட்டுமே. 2 மில்லிமீற்றரில் பத்து ஆண்டுகளாக அசையாமல் கிடக்கும் வெடிப்பைவிட, 1 மில்லிமீற்றரிலிருந்து மாதந்தோறும் விரியும் வெடிப்பே எனக்குக் கவலை தரும். அளப்பது இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான்.

கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தால் போதாதா? எங்கள் மேசன் அப்படித்தான் செய்வார்.

கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்தது என்று தெரியும். எவ்வளவு, எப்போது, எந்தத் திசையில் என்று தெரியாது. உடையாவிட்டாலும் அசையவில்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் ஈரச் சுவரில் பசை மெல்ல வழுக்கிக் கண்ணாடி முழுதாகவே நிற்கும். எல்லாவற்றையும்விட, வெடிப்பு விரிந்து பின்னர் மூடிக்கொள்வதைக் கண்ணாடி காட்டாது. நமது மண்ணில் அதுதான் அடிக்கடி நடக்கிறது.

வெடிப்பின் இரு நுனியிலும் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுத் திகதி எழுதும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அகலத்தைக் கலிப்பர் பார்த்துக்கொள்ளும், நீளம் கூடுகிறதா என்பதை அந்தக் கோடு சொல்லும்.

வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு ஆணி போதும்தானே?

வெடிப்பு விரிந்து சுருங்க மட்டும் செய்தால் போதும். ஆனால் அத்திவாரத்தின் ஒரு மூலை இறங்கும்போது சுவரின் ஒரு துண்டு விலகுவதோடு கீழேயும் வழுக்குகிறது. கிடையாக வைத்த இரண்டு ஆணிகளுக்கு இடையிலுள்ள தூரம் இந்த வழுக்கலை ஏறத்தாழக் காட்டவே காட்டாது. 80 மில்லிமீற்றர் தூரத்தில் இருக்கும் ஆணி நேர் கீழே அரை மில்லிமீற்றர் இறங்கினாலும் அந்தத் தூரம் 0.002 மில்லிமீற்றர்கூட மாறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் மூன்று ஆணி. வெடிப்பின் இடப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு: கீழே உள்ளது "அ", அதற்கு நேர் மேலே 80 மில்லிமீற்றரில் "ஆ". வெடிப்பைத் தாண்டி வலப்பக்கத்தில், "அ"வுக்குக் கிடையாக 80 மில்லிமீற்றரில் "இ". ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். ஆ–இ சாய்வுத் தூரம் 113 அளவில் வரும், சாதாரண 150 மில்லிமீற்றர்க் கலிப்பருக்குள் வசதியாக அடங்கும். நூறு நூறாக வைத்தால் சாய்வு 141ஆகி, ஆணியின் தடிப்பும் சேரக் கலிப்பரின் கடைசி வரைக்கும் போய்விடும். அதனால்தான் 80.

அ–ஆ இரண்டும் சுவரின் ஒரே துண்டில் நிற்கின்றன. அந்தத் தூரம் மாறக்கூடாது. மாறினால் சுவரைச் சந்தேகிக்காதீர்கள், உங்கள் கையை, கலிப்பரை, ஆணியைச் சந்தேகியுங்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: பிழையைப் பிடிக்கும் காவல்காரன் சுவரிலேயே நிற்கிறான்.

என்ன ஆணி? எப்படிப் பதிப்பது?

இரும்பு ஆணி வேண்டாம். உப்புக் காற்றில் மூன்று மாதத்தில் துரு ஏறித் தடித்துவிடும், நீங்கள் துருவை அளந்துகொண்டிருப்பீர்கள். ஹாட்வெயர் கடையில் மரவேலைக்கு விற்கும் பித்தளைத் திருகாணி, ஒன்றரை அங்குலம், தண்டு 4 மில்லிமீற்றர் தடிப்பு உள்ளதாகக் கேளுங்கள். தலைக்குக் கீழே கொஞ்சத் தூரம் புரி இல்லாமல் வழவழப்பாக இருக்கும். கலிப்பரின் தாடை பிடிக்கவேண்டியது அந்த வழவழப்பான இடத்தைத்தான். புரியைப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்.

துளை போடும்போதுதான் பலர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். அக்கா வீட்டில் முதலில் பூச்சோடு நிறுத்திவிட்டேன். பூச்சு 15 மில்லிமீற்றர் தடிப்பு, வெடிப்புக்குப் பக்கத்தில் அது கல்லைவிட்டுக் கிளம்பியிருந்தது. இரண்டு வாரத்தில் எண்கள் தலைகால் தெரியாமல் ஆடின. பூச்சை விரலால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று வெறுமையாக ஒலித்தால் அந்த இடம் ஆகாது. துளை பூச்சைத் தாண்டிச் சீமெந்துக் கல்லுக்குள் போகவேண்டும். ஒன்றரை அங்குல ஆணிக்கு 28 மில்லிமீற்றர் ஆழம் போதும், மீதி 10 மில்லிமீற்றர் வெளியே நிற்கும்.

துளையின் தூசியை ஊதி எடுத்துவிட்டு, இரண்டு குழாயில் வரும் எபொக்சிப் பசையைக் கலந்து நிரப்பி ஆணியைச் செருகுங்கள். சுவருக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மட்டத்தால் பாருங்கள். மூன்று ஆணியும் வெடிப்பின் விளிம்பிலிருந்து குறைந்தது 25 மில்லிமீற்றராவது தள்ளி இருக்கட்டும், விளிம்பில் கல் உதிரும். இரண்டு நாள் தொடாமல் விட்டுப் பிறகு முதல் அளவை எடுங்கள். ஆணிகளின் மையங்களை இணைத்துச் சுவரில் மெல்லிய பென்சில் கோடும் போட்டுவிடுங்கள், அது ஏன் என்று அடுத்த பதிலில் வருகிறது.

வெடிப்பு நீளமாக இருந்தால் இரண்டு இடத்தில் முக்கோணம் வையுங்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே அதிகமாக விரிந்தால் சுவரின் துண்டு சரிந்து திரும்புகிறது. இரண்டும் ஒரே அளவு விரிந்தால் துண்டு மொத்தமாக விலகுகிறது.

கலிப்பர் 0.01 மில்லிமீற்றர் காட்டுகிறதே, அவ்வளவு நுணுக்கத்தை நம்பலாமா?

திரையில் தெரிவது இரண்டு தசமம், கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. நல்ல கலிப்பரே 0.02, 0.03 அளவில் பிசகலாம். அதை நெட்டான சுவரில், குனிந்தபடி, இரண்டு உருளை ஆணிகளுக்கு மேல் பிடிக்கிறீர்கள். எனக்கு உண்மையில் கிடைத்தது 0.05.

உங்களுக்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரே வழி: முதல் நாளே அ–இ தூரத்தைப் பத்து முறை அளவுங்கள். ஒவ்வொரு முறையும் கலிப்பரை எடுத்து, மூடி, பூச்சியம் பார்த்து, மீண்டும் வையுங்கள். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் கையின் பிழை. அதற்குக் குறைவான எந்த மாற்றத்தையும் "வளர்ச்சி" என்று எழுதாதீர்கள்.

என் மருமகள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். வேணியர் இடுக்கிமானியில் பூச்சிய வழு பார்ப்பது அவளுக்குப் பாடம். டிஜிட்டல் ஒன்றைக் கையில் கொடுத்ததும் அந்தப் பாடம் மறந்துபோனது. திரையில் எண் தெரிந்தால் அதை வேதவாக்காக எடுக்கும் வியாதி எல்லோருக்கும் வருகிறது. தாடைகளைத் துடைத்து மூடினால் 0.00 வரவேண்டும். வராவிட்டால் அப்போதே பூச்சியம் செய்யுங்கள். அளவின் நடுவில் பூச்சியப் பொத்தானில் விரல் பட்டால் அந்த வரிசை முழுவதையும் திரும்ப எடுங்கள். எண்கள் சிமிட்டினாலோ காரணமின்றித் தாவினாலோ பட்டறி தீர்கிறது என்று பொருள்.

பிடிக்கும் கோணத்துக்கு வருவோம். கலிப்பர் ஆணிகளின் கோட்டுக்கு 3 பாகை சரிந்தாலே 80 மில்லிமீற்றரில் 0.11 குறைந்து காட்டும். நீங்கள் தேடும் மாற்றமே அவ்வளவுதான் இருக்கலாம். எனவே கலிப்பரின் தண்டைப் பென்சில் கோட்டுக்கு இணையாகப் பிடித்து, தாடையை மெதுவாக அழுத்தி, சுவரோடு ஒட்டி இலேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். எண் கூடிக் குறையும். இரண்டு உருளைத் தண்டுகளை வெளிப்பக்கமாகப் பிடிக்கும்போது கிடைக்கும் மிகப் பெரிய எண்ணே சரியானது. தாடை ஆணியின் ஒரே உயரத்தைப் பிடிக்க, தண்டில் சுவரிலிருந்து 3 மில்லிமீற்றரில் மையால் அடையாளம் ஒன்று இடலாம். ஒவ்வொரு தூரத்தையும் ஐந்து முறை எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். சராசரியைவிட நடு எண் நல்லது, ஒரு முறை கை வழுக்கினால் அது கணக்கைக் கெடுக்காது.

காலையில் ஓர் எண், பின்னேரம் வேறோர் எண் வருகிறது. கலிப்பர் பழுதா?

அ–ஆ மாறாமல் அ–இ மட்டும் மாறினால் கலிப்பர் சரி. சுவர்தான் வெயிலில் விரிகிறது. 4 மீற்றர் நீளமான சுவர் 10 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுப்பது வெடிப்புத்தான், ஆகவே வெயிலேறும்போது வெடிப்பு பெரும்பாலும் ஒடுங்குகிறது. கொங்கிறீற்றுத் தட்டுக் கூரையுள்ள வீட்டில், தட்டுக்கு அடியில் ஓடும் கிடை வெடிப்பு இதைவிட அதிகமாக ஆடும்.

அக்கா வீட்டுச் சுவர் மேற்குப் பார்த்தது. காலை ஆறரைக்கும் மாலை நான்கரைக்கும் இடையில் 0.2 வித்தியாசம் வந்தது. ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மாலையிலும் அளந்திருந்தால் இல்லாத வளர்ச்சியைக் கண்டுபிடித்திருப்பேன். சுவரில் வெயில் படுவதற்கு முன், எப்போதும் அதே நேரத்தில் அளவுங்கள். ஆறரை மணி வசதியானது.

எத்தனை மாதம் அளந்தால் போதும்?

மூன்று மாதம் என்று பலர் சொல்வார்கள். நமது பகுதியில் அது ஆபத்தான பதில். மட்டக்களப்பின் மழை பெரும்பாலும் வாடைக்காற்றோடு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரை கொட்டுகிறது. பிறகு பல மாதம் நிலம் காய்கிறது. களிமண் ஈரத்தில் பொங்கும், காய்ந்தால் சுருங்கும். அதன்மேல் நிற்கும் ஆழம் குறைந்த அத்திவாரமும் அதனோடு ஏறி இறங்கும். கோடையின் மூன்று மாதம் மட்டும் பார்த்தவர் "வீடு விழப்போகிறது" என்பார், மாரியின் மூன்று மாதம் மட்டும் பார்த்தவர் "தானே குணமாகிவிட்டது" என்பார்.

அக்கா வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயலோரக் களிமண் வளவு. ஒரு மாடி, சீமெந்துக் கல் சுவர், ஓட்டுக் கூரை. மேற்கு அறையின் யன்னல் லிண்டலின் வலது முனையிலிருந்து கூரை மூலையை நோக்கிச் சாய்வாக ஏறும் வெடிப்பு. அந்த மூலைக்கு வெளியே ஆறு மீற்றரில் ஒரு பெரிய வேம்பு. இப்படி ஒரு சாய்வு, கட்டடத்தின் அந்தக் கோடி இறங்குகிறது என்பதன் வழக்கமான கையெழுத்து. கோடி கீழே இழுக்க, வெடிப்பு அந்தக் கோடியை நோக்கி மேலேறும்.

பெப்ரவரியில், நிலம் ஈரமாக இருக்கும்போது தொடங்கினேன். அ–இ தூரம் மையத்திலிருந்து மையத்துக்கு இப்படிப் போனது: பெப்ரவரி 79.86, மே 80.12, ஜூலை 80.55, செப்டெம்பர் கடைசி 80.94. ஏழு மாதத்தில் 1.08 விரிவு. செப்டெம்பரில் அக்கா தூக்கமில்லாமல் இருந்தார். ஊர் மேசன் ஒருவர் வந்து, அத்திவாரத்தைத் தோண்டி அடியில் கொங்கிறீற்றுப் போடவேண்டும் என்று இலட்சக்கணக்கில் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். மழை வரட்டும், அதுவரை கை வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு வாங்கிய ஏச்சை இங்கே எழுதவில்லை.

முதல் மழைக்குப் பிறகு ஒக்டோபர் கடைசியில் 80.80. நவம்பரில் 80.41, டிசெம்பரில் 80.13, ஜனவரியில் 80.02. மறு பெப்ரவரியில், சரியாக ஓராண்டு கழித்து, 79.97. அ–ஆ ஆண்டு முழுவதும் 80.12இலிருந்து 0.03க்கு மேல் விலகவில்லை.

இப்போது ஒப்பிடவேண்டியது பெப்ரவரியைப் பெப்ரவரியோடு. வித்தியாசம் 0.11. கையின் பிழை 0.05 என்பதால் அது முழுப் பொய்யும் அல்ல, பயப்படுமளவும் அல்ல. ஆண்டில் ஒரு மில்லிமீற்றர் மூச்சு விடுகிற சுவர், ஆண்டு முடிவில் பத்தில் ஒரு மில்லிமீற்றர் மட்டுமே மிச்சம் வைத்தது. அத்திவார வேலை செய்யவில்லை.

ஆகவே களிமண் நிலத்தில் பன்னிரண்டு மாதம். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் குறைந்தது மழைக்கு முந்திய செப்டெம்பர் கடைசியிலிருந்து மாரி முடிந்த பெப்ரவரிவரையாவது பாருங்கள். மூடுகிறதா என்பதாவது தெரிந்துவிடும். முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, பெருமழை கொட்டிய வாரத்தில் கூடுதலாக ஒரு முறை அளந்தால் போதும்.

மூன்று தூரத்தையும் வைத்து விரிவையும் இறக்கத்தையும் எப்படிக் கணக்கிடுவது?

கலிப்பரில் வெளிப்பக்கமாக அளந்த எண்ணிலிருந்து ஆணித் தண்டின் தடிப்பைக் கழித்தால் மையத் தூரம். தண்டு 4.00 என்றால் 83.86 அளந்தது 79.86. பிறகு கணினியிலோ தொலைபேசியிலோ ஒரு விரிதாளைத் திறந்து, B நிரலில் அ–ஆ, C நிரலில் அ–இ, D நிரலில் ஆ–இ எண்களை இடுங்கள். E2 இல் முதல் வரியையும் F2 இல் இரண்டாம் வரியையும் எழுதிக் கீழே இழுத்தால் போதும்.

```
=(C2^2-D2^2+B2^2)/(2*B2)
=SQRT(C2^2-E2^2)
```

E என்பது "இ" ஆணியின் உயரம், F என்பது கிடைத் தூரம். F கூடினால் வெடிப்பு விரிகிறது. E குறைந்தால் வலப்பக்கத் துண்டு கீழே இறங்குகிறது.

அக்கா வீட்டு எண்கள்: பெப்ரவரியில் அ–ஆ 80.12, அ–இ 79.86, ஆ–இ 113.20. இதற்கு E −0.11, F 79.86. செப்டெம்பர் கடைசியில் அ–ஆ 80.12, அ–இ 80.94, ஆ–இ 114.25. E −0.52, F 80.94. அதாவது வேம்புப் பக்கத் துண்டு 1.08 விலகி, 0.41 கீழே இறங்கியிருக்கிறது. மறு பெப்ரவரியில் அ–இ 79.97, ஆ–இ 113.33. E −0.18, ஓராண்டில் இறக்கம் 0.07 மட்டும். விரிவைப் போலவே இறக்கமும் பெரும்பாலும் திரும்பிவிட்டது.

E கணக்கில் கைப்பிழை கொஞ்சம் பெருகும், ஏனென்றால் மூன்று அளவின் பிழையும் அதில் சேர்கிறது. 0.1க்குக் குறைந்த இறக்கத்தை நான் இறக்கமாக எண்ணுவதில்லை.

நாங்கள் எழுவான்கரையில், மணல் நிலம். களிமண் கதை எங்களுக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. மணல் ஈரத்தில் பொங்காது, காய்ந்தால் சுருங்காது. கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடற்கரைப் பக்கம் வெடிப்பு காலநிலையோடு திறந்து மூடினால், முதலில் கூரையின் வெப்ப ஆட்டத்தைச் சந்தேகியுங்கள். மணலில் வீடு இறங்கினால் பெரும்பாலும் கட்டிய காலத்திலேயே இறங்கி முடிந்துவிடும்.

வாவியோரமாக நிரப்பிய மண்ணில் கட்டிய வீடு வேறு. அங்கே வரைபடம் ஏறி இறங்காது, ஏறிக்கொண்டே போகும். பார்க்கவேண்டியது அது ஏறும் வேகம். முதல் இரண்டு மாதம் 0.4, அடுத்த இரண்டு மாதம் 0.25, அதன்பின் 0.12 என்று ஒவ்வொரு தவணையும் குறைந்தால் நிலம் இறுகி அடங்குகிறது. ஒவ்வொரு தவணையும் அதே அளவாகவோ கூடியோ வந்தால் ஏதோ தொடர்ந்து நடக்கிறது: குழாய் உடைந்து மண்ணை அரிக்கலாம், மலசலகூடக் குழி பக்கத்தில் இருக்கலாம். அந்த நிலையில் ஆண்டு முடியக் காத்திருக்காதீர்கள். களிமண்ணானாலும் மணலானாலும் ஒரு மாதத்தில் 1 மில்லிமீற்றருக்கு மேல் விரிந்தால் அளவுக் கொப்பியோடு பொறியியலாளரிடம் போங்கள்.

தூணின் மூலையில் மேலிருந்து கீழாக நேர் வெடிப்பு ஓடுகிறது. அங்கேயும் ஆணி அடிக்கலாமா?

வேண்டாம். கம்பியின் வழியே ஓடி, பழுப்புக் கறை கசிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். கடலோர வீடுகளில் இது சாதாரணம். இது தானாக மூடாது, அளந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. தூணில் துளை போடுவது இன்னும் உப்பை உள்ளே அழைப்பதுதான்.

வேம்புதான் காரணம் என்றால் அதை வெட்டிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பெரிய மரம் கோடையில் களிமண்ணின் நீரை உறிஞ்சுவது உண்மை. ஆனால் பல ஆண்டுகளாக உலர்த்திய மண்ணிலிருந்து மரம் திடீரென்று போனால் அந்த மண் மெல்லப் பொங்கி அத்திவாரத்தை மேலே தள்ளும். இறங்கியதால் வந்த வெடிப்பைவிட ஏறியதால் வரும் வெடிப்பு மோசமாக இருக்கலாம். அது ஓரிரு மாரியில் முடியும் காரியமும் அல்ல.

அக்கா வீட்டில் வேம்பின் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தோம். கூரைத் தண்ணீர் பீலியில்லாமல் அந்த மூலையில் நேரே கொட்டியது. ஒரு பீலி போட்டு வளவின் மறுபக்கம் கொண்டுபோனோம். மாரியில் அந்த மூலை மட்டும் ஊறுவதும் கோடையில் அந்த மூலை மட்டும் காய்வதும்தான் ஆட்டத்தைப் பெரிதாக்கியது என்பது என் ஊகம். இந்த ஆண்டின் அளவுகள் வந்தால்தான் ஊகம் சரியா என்று தெரியும்.

எப்போது பூசி மூடலாம்?

ஆண்டுக்கு ஆண்டு மிச்சம் கைப்பிழை அளவுக்குள் வந்த பிறகு. ஆனால் மூச்சு விடும் வெடிப்பைச் சீமெந்தால் நிரப்பாதீர்கள். செப்டெம்பரில் விரிந்திருக்கும்போது நிரப்பினால், மாரியில் மூட இடமில்லாமல் பக்கத்தில் புது வெடிப்பு பிறக்கும். ஜனவரியில் நிரப்பினால் கோடையில் அதே கோட்டில் திரும்பக் கிழியும். நெகிழும் நிரப்பியை, வெடிப்பு நடுத்தர அகலத்தில் இருக்கும் மே, ஜூன் மாதங்களில் இடுவது நல்லது, இழுபடவும் ஒடுங்கவும் அதற்கு இரு பக்கமும் இடம் இருக்கும். ஆணிகளைப் பிடுங்கவேண்டாம். பெயின்ற் அடிக்கும்போது அவற்றின்மேல் ஒட்டுத்தாள் சுற்றுங்கள். பெயின்ற் படலமே பத்தில் ஒரு மில்லிமீற்றர் கூட்டிவிடும்.

கொப்பியில் என்னென்ன எழுதவேண்டும்?

திகதி, மணி, அளந்தவர் பெயர், மூன்று தூரத்தின் ஐந்தைந்து எண்கள், முந்திய வாரம் மழையா வெயிலா. அளந்தவர் மாறினால் முதல் தடவை இருவரும் சேர்ந்து அளந்து வித்தியாசத்தை எழுதுங்கள். என் கைக்கும் மருமகள் கைக்கும் 0.04 வித்தியாசம், அவள் தாடையைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறாள். மூல எண்களை அழிக்காதீர்கள், "0.3 கூடியது" என்று மட்டும் எழுதிய கொப்பி ஒரு பொறியியலாளருக்குப் பயன்படாது. நவம்பர் மாதத்து 80.41ஐ நான் முதலில் 80.14 என்று எழுதியிருந்தேன். ஐந்து எண்களும் பக்கத்தில் இருந்ததால்தான் அது பிடிபட்டது.